'லேட் ஆயிடுச்சு' சரி, ஆக்கினது யார்?

மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பழைய மாணவர்கள் வருவது வழக்கம். கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள், பிள்ளைக்குப் பெயர் கேட்டு வருவார்கள். போன மாதம் ஒருவன் மன்னிப்புக் கடிதத்துக்கு வந்தான். முப்பது ஆண்டு தமிழ் வாத்தியாராக இருந்தவனிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டு வந்த முதல் ஆள் அவன்தான். அன்றிலிருந்து மனதில் கிடந்து உறுத்துவதைக் கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். ஏற்றுமதிக்காரருக்காகச் சுங்கத் தாள்கள், கப்பல் கம்பெனித் தாள்கள் எல்லாவற்றையும் நேரத்துக்குள் முடித்துக் கொடுப்பது அவர்கள் பிழைப்பு. கரூர்க்காரர் ஒருவருடைய படுக்கை விரிப்புக் கண்டெய்னர் 23ஆம் தேதி இரவுக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற வேண்டியது. போகவில்லை. தூத்துக்குடியிலேயே நின்றுவிட்டது.

காரணம் ஒரு தாள். சரக்கோடு சேர்த்து கண்டெய்னரின் மொத்த எடை இவ்வளவு என்று கப்பல் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். வி.ஜி.எம். என்பார்கள். 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க இது கட்டாயம். எடை சொல்லாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. எடையைத் தப்பாகச் சொல்லி அடுக்கினால் அடுக்கு சரியும், ஆள் சாவான். அதனால் வந்த விதி. அதற்குக் கப்பல் கம்பெனி ஒரு கடைசி நேரம் வைக்கும். இந்தக் கப்பலுக்கு 22ஆம் தேதி மாலை 4 மணி. எடைமேடைச் சீட்டு அன்று காலை 11 மணிக்கே பையன் கையில் இருந்தது. 'சாப்பிட்டு வந்து அனுப்பலாம்' என்று போனவன், அப்படியே ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டான். மறுநாள் காலை 9.20க்கு அனுப்பினான். ஏற்றுக்கொள்ளவில்லை.

பிறகு கரூர்க்காரருக்கு அவன் அனுப்பிய வாட்ஸ்அப் இது:

"சார் சாரி சார், நெட் ப்ராப்ளம், கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. கப்பல் மிஸ் ஆயிடுச்சு. அடுத்த கப்பல்ல ஏத்திடலாம், டென்ஷன் ஆகாதீங்க."

படித்துவிட்டு, "ஏல, இதுல நீ எங்கல இருக்க?" என்று கேட்டேன். முழித்தான்.

இலக்கணமாகவே பாருங்கள். லேட் 'ஆயிடுச்சு', கப்பல் மிஸ் 'ஆயிடுச்சு'. எல்லாம் அஃறிணை. செய்தவன் என்று ஒரு ஆள் அந்தச் செய்தியில் கிடையாது. நம் பேச்சில் தப்பு எல்லாமே தானாக நடக்கும். மறந்துபோச்சு, விட்டுப்போச்சு, உடைஞ்சுபோச்சு. நல்லது மட்டும் நாம் செய்தது: முடிச்சுட்டேன், அனுப்பிட்டேன். 'மறந்துபோச்சு' என்பவன் 'மறந்துட்டேன்' என்று சொல்ல வேண்டியது ஒரு விகுதி மாற்றம்தான். அந்தத் தன்மை விகுதி 'ஏன்' வந்து உட்கார்ந்ததும், 'ஏன்?' என்று எதிராளி கேட்பான். அந்தப் பயத்தில்தான் ஊரே விகுதியை ஒளித்துப் பேசுகிறது.

இதில் பெரிய மனிதர்களும் விலக்கில்லை. ரயில் நிலையத்தில் கேட்டிருப்பீர்கள், 'சிரமத்திற்கு வருந்துகிறோம்'. வருந்துவது துக்க வீட்டிலும் வருந்துவதுதான், அதற்குத் தப்பு செய்திருக்கவே வேண்டாம். 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறையின் புதிய தளம் திறந்தது. அன்றே கோளாறு. அதைக் கட்டிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைவர் நந்தன் நிலேகணி, ஆரம்பக் கோளாறுகளுக்கு நிறுவனம் வருந்துவதாகவும், அந்த வாரத்துக்குள் தளம் சீராகும் என எதிர்பார்ப்பதாகவும் பொதுவெளியில் சொன்னார். எது உடைந்தது, எந்தக் கணக்கில் ஒரு வாரம் என்பது அதில் இல்லை. வாரங்கள் போயின. ஆகஸ்ட் 21, 22 இரண்டு நாளும் தளமே கிடைக்கவில்லை. 23ஆம் தேதி நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நிதி அமைச்சகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டு, செப்டம்பர் 15 வரை கெடு வைத்தது. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளை டிசம்பர் 31 வரை தள்ளிப்போட வேண்டி வந்தது. 'எதிர்பார்க்கிறோம்' என்று ஒரு தேதியைக் கொடுப்பது, தேதி கொடுக்காததைவிட மோசம். கேட்டவன் அதை நம்பித் தன் வேலையை அடுக்கிவிடுவான்.

பையன் கதைக்கு வருகிறேன். நெட் கதை அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கரூர்க்காரர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "பக்கத்து மில்காரர் கண்டெய்னர் அதே கப்பல்ல ஏறியிருக்கே, அவருக்கு மட்டும் நெட் வேலை செஞ்சுதா?" எந்தக் கப்பல் எப்போது கிளம்பியது என்பதை இன்று யாரும் கைபேசியில் பார்க்கலாம். ஜெர்மனியில் இருந்து சரக்கு வாங்குபவரும் பார்ப்பார். கரூர்க்காரர் இந்தப் பொய்யை நம்பி அங்கே சொல்லியிருந்தால், பொய்யர் பட்டம் அவருக்கல்லவா?

அதைவிடப் பெரிய கேடு வேறு. அவருக்குப் பணம் வருவது எல்.சி. எனும் வங்கிக் கடன் கடிதத்தின் பேரில். அதில் சரக்கு ஏற்ற வேண்டிய கடைசி நாள் 26 என்று இருக்கிறது. அடுத்த கப்பல் 30. முப்பதாம் தேதி போட்ட கப்பல் ரசீதைக் கொண்டுபோனால், தேதி தாண்டிவிட்டது என்று வங்கி பணம் தர மறுக்கலாம். வாங்குபவரிடம் பேசி, அவர் தன் வங்கியில் தேதியைத் திருத்தி வாங்கினால்தான் கதை நடக்கும். அதற்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். 'டென்ஷன் ஆகாதீங்க' என்ற இரண்டு சொல், டென்ஷன் ஆகவேண்டிய மனிதரைச் சும்மா உட்காரச் சொல்கிறது. "ரசீதில் 26 என்றே போட்டு வாங்கிரலாம்" என்று அலுவலகத்தில் ஒரு புத்திசாலி யோசனையும் சொன்னாராம். அது மோசடி. நெட் கதையில் ஆரம்பித்தால் அடுத்த படி அங்கேதான் இருக்கிறது.

"நீயே திருத்தி எழுது" என்றேன். அடுத்த காகிதத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டான். 'நான் பெரிய பாவி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலை போய்விடும், காலில் விழுகிறேன்' என்று ஒரு பக்கம். படித்தால் கரூர்க்காரர்தான் இவனைத் தேற்ற வேண்டும். 26ஆம் தேதி விஷயம் அதிலும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம்:

"ஐயா, வணக்கம். உங்கள் கண்டெய்னர் 23ஆம் தேதிக் கப்பலில் ஏறவில்லை. தவறு என்னுடையது. எடைச் சான்றை 22ஆம் தேதி மாலை 4 மணிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். எடைச்சீட்டு அன்று காலை 11 மணிக்கே என்னிடம் இருந்தது. அனுப்பாமல் வெளியே போய்விட்டேன். மறுநாள் காலை 9.20க்கு அனுப்பினேன், ஏற்கவில்லை. நெட் பிரச்சினை என்று நான் எழுதியது உண்மையல்ல. இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த கப்பல் 30ஆம் தேதி. உங்கள் எல்.சி.யில் கடைசி நாள் 26. எனவே தேதித் திருத்தத்துக்கு இன்றே வாங்குபவரிடம் பேச வேண்டியிருக்கும். அவரிடம் காட்ட இந்தக் கடிதத்தையே பயன்படுத்தலாம்.

30ஆம் தேதிக் கப்பலில் இடம் வாங்கிவிட்டேன், நகல் இணைத்துள்ளேன். எடைச் சான்றும் ஏற்கப்பட்டுவிட்டது. துறைமுகத்தில் கூடுதல் நாட்களுக்கான வாடகையை எங்கள் அலுவலகம் ஏற்கும், முதலாளி ஒப்புக்கொண்டார். எல்.சி. திருத்தச் செலவைப் பற்றி முடிவு சொல்ல எனக்கு அதிகாரமில்லை. முதலாளி நாளை காலை 11 மணிக்குள் உங்களை அழைப்பார். இனி எடைச்சீட்டு கைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பி, ஏற்றுக்கொண்ட பதிலை உங்களுக்கும் அனுப்புவேன்."

'இனி இப்படி நடக்காது' என்று அவன் எழுதியதை அடித்தேன். அது யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினானா என்பதைக் கரூர்க்காரரே பார்த்துக்கொள்ளலாம்.

முதலாளி லேசில் விடவில்லை. வாடகைக்குச் சம்மதித்தவர், 'தவறு என்னுடையது' என்ற வரியில் நின்றுவிட்டார். "எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்குக் கோர்ட்ல காட்டுவான் சார்" என்று என்னிடமே போன் போட்டார். அவர் பயத்தில் பாதி நியாயம் உண்டு. காப்பீடு எடுத்திருந்தால், கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை இருக்கலாம், பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காலை 9.20க்கு அனுப்பியது கப்பல் கம்பெனியின் கணினியில் பதிவாகிக் கிடக்கிறது. கடிதம் அதை உண்டாக்கவில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. முன்கூட்டிச் சொன்னால் கரூர்க்காரருக்கு அந்த வழி திறக்கும். மறைத்தால் நாமே அடைக்கிறோம். "எந்தப் பக்கம் செலவு கூட, நீங்களே கணக்குப் போடுங்க" என்றேன். கணக்குப் போடத் தெரிந்த மனிதர், அனுப்பச் சொல்லிவிட்டார்.

சிலர் சொல்வார்கள், எல்லாத் தாமதமும் சோம்பேறித்தனமா சார் என்று. இல்லை. 2023 டிசம்பர் 17, 18 நமக்கு மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த வாரம் தாள் அனுப்பாதவனை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கும் 'அலுவலகத்தில் தண்ணீர், உங்கள் தாள்கள் மாடியில் பத்திரம், இன்னும் எதுவும் அனுப்பவில்லை' என்று ஒருவன் சொல்லலாம், 'மழை சார்' என்று மட்டும் ஒருவன் சொல்லலாம். அந்த மழையை இன்றைக்கும், வெயிலடிக்கும் நாளிலும், சிலர் எடுத்துக் குடை பிடிக்கிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் உண்டு. விடுப்பு விண்ணப்பம் சொல்லிக்கொடுத்தது யார்? 'எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டது நான்தான். கோயில் கொடைக்குப் போனவனும், கடலுக்கு அப்பாவோடு போனவனும், தங்கச்சியைப் பார்த்துக்க வீட்டில் இருந்தவளும் அதையே எழுதிக் கொடுத்தார்கள். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். 'கொடைக்குப் போனேன், விட்ட பாடத்தை இவனைப் பார்த்து எழுதிவிட்டேன்' என்று ஒரு பிள்ளையை எழுத விட்டிருக்கிறேனா? இல்லை. அந்த வகுப்பில் இந்தப் பையனும் இருந்தான்.

கரூர்க்காரர் மன்னித்தாரா என்று கேட்பீர்கள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கடிதத்தை அப்படியே ஜெர்மனிக்கு அனுப்பினார். தேதி திருத்திக் கிடைத்தது. திருத்தச் செலவில் பாதியை அலுவலகத்தின் பில்லில் கழித்துக்கொண்டார். அடுத்த கண்டெய்னரையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறார். அன்று மட்டும் மதியம் 12 மணியிலிருந்து, "அனுப்பிட்டியா தம்பி?" என்று நான்கு முறை போன் செய்தாராம். பையன் என்னிடம் வந்து அலுத்துக்கொண்டான். "எடுத்துப் பதில் சொல்லுல" என்றேன்.