வீடியோ காலில் சொன்ன "சரி"க்கு என்ன மதிப்பு?

கும்பகோணம் பக்கம் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உயில் எழுதாமல் அப்பா காலமாகிவிட்டார், அம்மாவும் இல்லை. ஓட்டு வீடு ஒன்று, குத்தகைக்கு விட்ட கொஞ்சம் நிலம். அண்ணன் ஊரில், தங்கை சிங்கப்பூரில், தம்பி நியூஜெர்சியில். மூன்று பேருக்கும் சம பங்கு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் மாலை ஆறரை என்றால் சிங்கப்பூரில் இரவு ஒன்பது, கோடையில் நியூஜெர்சியில் காலை ஒன்பது. அந்த ஒரு மணி நேரம்தான் குடும்பத்தின் பஞ்சாயத்து!

நான்கு வருஷம் கழித்து சண்டை வருகிறது. குத்தகை வருஷத்துக்கு 45,000 ரூபாய். நான்கு வருஷத்தில் 1,80,000. "என் பங்கு 60,000 எங்கே?" என்று தங்கை கேட்கிறாள். "ஓடு மாத்தினது யாரு காசுல?" என்று அண்ணன் கத்துகிறார். தம்பியோ, "அன்னைக்கு கால்ல சின்ன ரிப்பேர்னுதானே சொன்னீங்க, அண்ணே?" என்கிறான். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் வேறு வேறு ஞாபகம், அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓடு மாற்ற 1,20,000. வீட்டு வரி, கரண்ட் பில், கிணறும் கொல்லையும் சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 9,000, நான்கு வருஷத்துக்கு 36,000. மொத்தச் செலவு 1,56,000. மிச்சம் 24,000, ஆளுக்கு 8,000. அறுபதாயிரத்துக்கு என்று நடந்த சண்டை உண்மையில் எட்டாயிரத்துக்கு! அண்ணன் அலைந்ததற்கு மாதம் 500 ரூபாய் என்று முதலிலேயே பேசியிருந்தால், 48 மாதத்துக்கு அதுவும் 24,000. மிச்சமே இல்லை.

ஆனால் அந்த 500 ரூபாயை யாரும் பேசுவதில்லை. அண்ணனுக்குக் கேட்கக் கூச்சம், மற்றவர்களுக்குத் தோன்றுவதில்லை. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வேலை செய்யும் கூட்டாளிக்குச் சம்பளம் கேட்க உரிமை கிடையாது. லாபத்துக்காகச் சேர்ந்தவர்களே இதை எழுதி வைக்கிறார்கள். குடும்பச் சொத்து கூட்டு வணிகம் இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றுதான். உழைப்பை எழுதாவிட்டால் ஒரு நாள் அது கோபமாக வரும்.

இரண்டு பக்கமும் ஒரு தவறான எண்ணம் வேறு இருக்கிறது. "இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டேன், பட்டாவும் என் பேர்ல இருக்கு, அதனால எனக்குத்தான்" என்று ஊரில் இருப்பவர் நினைக்கிறார். "விட்டா அமுக்கிடுவாரு" என்று வெளிநாட்டில் இருப்பவர் பயப்படுகிறார். பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் குடியிருந்தாலும், மற்றவர்கள் சார்பாகவும் இருப்பதாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. மற்றவர்களின் பங்கை வெளிப்படையாக மறுத்துப் பல வருஷம் அனுபவித்தால்தான் கதை மாறும். ஆகவே வெறுமனே பார்த்துக்கொண்டதால் பங்கு கூடாது, தூரத்தில் இருப்பதால் குறையவும் குறையாது.

வீடியோ காலில் எடுக்கும் முடிவுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ரிப்பேர், குத்தகை, வரி போன்றவை முதல் வகை. இதற்கு கால் போதும், ஆனால் முடிந்த பத்து நிமிஷத்தில் ஒருவர் எழுதி அனுப்ப வேண்டும்: என்ன வேலை, எவ்வளவுக்குள், யார் பணம், எப்போது கணக்கு. மற்ற இருவரும் "சம்மதம்" என்று பதில் எழுத வேண்டும். பதில் வராதவரை முடிவு இல்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதில்தான் முக்கால்வாசிச் சண்டை ஆரம்பிக்கிறது.

விற்பது, பாகம் பிரிப்பது இரண்டாவது வகை. இங்கே காலில் சொன்ன "சரி"யை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றும் நடக்காது. நேரில் வர முடியாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு, வாங்க வந்தவரையும் இழப்பவர்கள் உண்டு. பத்திரத்தில் "எல்லா அதிகாரமும்" என்று எழுதாமல், எந்த நிலம், எந்த வேலை, குறைந்தது என்ன விலை என்று குறித்தால் கொடுப்பவருக்கும் நிம்மதி, அண்ணனுக்கும் பழி இல்லை.

"கூடப்பிறந்தவங்ககிட்ட போய் எழுதி வாங்கறதா?" என்று கேட்பார்கள். எழுதுவது சந்தேகத்தால் அல்ல, ஞாபகம் மூன்று ஊரில் மூன்று விதமாக இருப்பதால். ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தில் ஓடு மாற்றுவதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். திரையில் அண்ணன் முகம் தெரிகிறது, ஓடு தெரிவதில்லை. அதைக் காகிதம்தான் காட்ட வேண்டும்.

உங்கள் வீட்டில் போன முறை பேசியதை யார் எழுதி வைத்தார்கள்?