புதுத் துணியை டெய்லரிடம் கொடுக்கும் முன்...

சித்திரையில் வீரபாண்டி திருவிழா வந்தால் தேனி, கம்பம் பக்கத்து டெய்லர் கடைகளில் துணி மலையாகக் குவிந்துவிடும். அவசரத்தில் கடைப் பையோடு அப்படியே கொடுத்துவிட்டு வந்தால், முதல் சலவைக்குப் பிறகு டாப் முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கும். டெய்லர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்று அவர் மீது பழி போடுவோம். பெரும்பாலும் தப்பு அளவில் இருக்காது, துணியில்தான்.

காட்டன் ஏன் சுருங்குகிறது? தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரையும், நூல் ஊறிப் பருக்கும், இழுபட்ட நூல் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். அதனால்தான் கரையை ஒட்டிப் போகும் பாவு வாட்டில் சுருக்கம் அதிகம், குறுக்கே போகும் ஊடை வாட்டில் பொதுவாகக் குறைவு.

ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் எல்லாம் காட்டன் நெசவுக்குப் பேர் போன ஊர்கள். அந்தப் பக்கம் வாங்கிய இரண்டரை மீட்டர் மெரூன் காட்டனில் நான் செய்து பார்த்ததையே சொல்கிறேன்.

முதலில் சாயம். துணியை முழுதாக நனைக்கும் முன், ஒரு மூலையில் மட்டும் சோதித்தேன். பழைய வெள்ளை வேட்டித் துண்டை விரலில் சுற்றி, காய்ந்த நிலையில் 10 தடவை அழுத்தித் தேய்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. துண்டை நனைத்துத் தேய்த்தபோது இளஞ்சிவப்பு ஏறியது. அடுத்து அந்த மூலையை நனைத்து, இரண்டு வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி 4 மணி நேரம் விட்டேன். ஆய்வகத்தில் வியர்வைக்குச் சாயம் நிற்குமா என்று பார்ப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். அங்கே வியர்வை போன்ற ஒரு கரைசலில் நனைத்து, 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள்.

இந்த இடத்தில் எல்லா வீட்டிலும் வரும் யோசனை: 'கல் உப்பு போட்டு ஊற வை, சாயம் நிக்கும்.' நிற்காது. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, நூலுக்குள் சாயம் ஏற அது உதவும். நெய்து முடித்த துணியில் அது எதையும் கெட்டிப்படுத்தாது. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை சாயம் கொஞ்சம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான். அதனால் உப்பு போட்டுச் சோதித்தால் ஏமாந்துதான் போவோம். வீட்டில் துவைக்கும் தண்ணீரும் அதே சோப்புத்தூளுமே போதும்.

ஒரு தடவை சாயம் இறங்கியதும் துணி மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்று முறை தனியாக அலசி, ஒவ்வொரு முறையும் தண்ணீரைப் பாருங்கள். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தால் நூலில் ஒட்டாமல் நின்ற மிச்சச் சாயம் போகிறது என்று அர்த்தம். மூன்றாவது தண்ணீரும் முதல் தண்ணீர் போலவே இருந்தால் அது போய்க்கொண்டேதான் இருக்கும். என் துணி முதல் ரகம். இரண்டாவது ரகமாக இருந்தால் வெள்ளை பைப்பிங், வெள்ளை லைனிங் என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்து சுருக்கம். உள்ளங்கை அளவு துண்டை வெட்டி நனைத்துப் பார்ப்பதில் பயனில்லை. 4 அங்குலத்தில் 5 சதவீதம் என்றால் கால் அங்குலம்கூட வராது, டேப்பில் தெரியாது. முழுத் துணியிலேயே பாவு வாட்டில் 20 அங்குலம், ஊடை வாட்டில் 20 அங்குலம் அளந்து, முனைகளில் வெள்ளை நூலால் ஒரு தையல் போட்டு முடிச்சிட்டேன். சாக்பீஸ் கோடு தண்ணீரில் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, வழக்கம்போல் துவைத்து, நிழலில் காயப்போட்டேன். லேசான ஈரத்தில் இஸ்திரி போடும்போது பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் துணி நீண்டு, அளவு பொய் சொல்லும்.

பாவு 19 அங்குலம் ஆகியிருந்தது, ஊடை 19½. அதாவது நீளத்தில் 5 சதவீதம், அகலத்தில் 2½. இதை அப்படியே தைத்திருந்தால் 42 அங்குல டாப் 40-க்கு வந்திருக்கும், மார்புச் சுற்றில் ஓர் அங்குலம் பிடித்திருக்கும். இரண்டாவது முறை துவைத்தபோது பாவில் இன்னும் கால் அங்குலம் குறைந்தது. மூன்றாவது முறை மாற்றமில்லை. அதற்குப் பிறகுதான் கத்தரி. இரண்டரை மீட்டரில் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் போய்விட்டது, அதனால் இந்த மாதிரித் துணி வாங்கும்போது கால் மீட்டர் கூடவே கேட்டு வாங்குங்கள். 'சான்ஃபரைஸ்டு' என்று முத்திரை இருக்கும் மில் துணியை ஆலையிலேயே சுருக்கியிருப்பார்கள், அதில் இவ்வளவு போகாது.

பலரும் மறப்பது லைனிங். மேல் துணியை மட்டும் நனைத்துவிட்டு லைனிங்கைப் புதிதாக வைத்துத் தைத்தால், உள்ளே இருப்பது சுருங்கி வெளித்துணியை இழுக்கும், தையல் ஓரமெல்லாம் சுருக்குப் பை மாதிரி ஆகிவிடும். லைனிங் துணியையும் அதே நாளில், தனி வாளியில் ஊறப் போட்டுவிடுங்கள்.