ப்ளேயர் வெர்ஷன், சர்ப்ளஸ், ஃபர்ஸ்ட் காப்பி: மூன்று போட்டோவில் ஜெர்சியின் உண்மையைக் கண்டுபிடிப்பது எப்படி?

"அண்ணா, இது ஒரிஜினலுங்களா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் நண்பரின் தம்பி போன வாரம் வாட்ஸ்அப்பில் மூன்று போட்டோ அனுப்பினார். இந்திய கிரிக்கெட் அணியின் நீல ஜெர்சி. ஒரு போட்டோவில் நெஞ்சில் இருக்கும் சின்னம், இன்னொன்றில் துணி, மூன்றாவதில் உள்ளே இருக்கும் டேக். விற்பவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "2023 வேர்ல்டு கப் ஜெர்சி. ப்ளேயர் வெர்ஷன். திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். ஃபர்ஸ்ட் காப்பி. பீஸ் 850."

தம்பி வாங்க நினைத்தது ஒன்றல்ல, இருபது. தன் டீம் பசங்களுக்குச் சில, மீதியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு விற்பதாகத் திட்டம். மொத்தம் 17,000 ரூபாய். ஜிபே செய்வதற்கு முன்னால் கேட்டார் என்பதுதான் நல்ல விஷயம்.

அந்த மெசேஜை மறுபடி படியுங்கள். ப்ளேயர் வெர்ஷன் என்றால் வீரர்கள் அணியும் ரகம். சர்ப்ளஸ் என்றால் உண்மையான ஆர்டரில் மிஞ்சியது. காப்பி என்றால் நகல். மூன்றும் ஒரே சட்டைக்குப் பொருந்தவே பொருந்தாது. எது உண்மை என்று போட்டோக்களிடமே கேட்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

கடைவீதியில் "ரெப்ளிகா" என்றால் டூப்ளிகேட் என்று அர்த்தம். ஜெர்சி தொழிலில் அப்படி இல்லை. அங்கே ரெப்ளிகா என்பது ரசிகர்களுக்காகக் கம்பெனியே அதிகாரப்பூர்வமாகத் தயாரிக்கும் ரகம். உடலோடு ஒட்டாமல் கொஞ்சம் தளர்வாக, தினசரி போட்டுத் துவைக்கத் தாங்கும்படி இருக்கும். வீரர்கள் அணியும் ரகம் இதைவிட மெல்லிசு, இறுக்கம், விலையும் அதிகம்.

2023 ஜூனில் இந்திய அணியின் ஜெர்சியை அடிடாஸ் அறிமுகப்படுத்தியபோது இந்த வித்தியாசம் விலையிலேயே தெரிந்தது. வீரர்கள் ரகம் 4,999 ரூபாய், ரெப்ளிகா 2,999, சாதாரண ரசிகர் ஜெர்சி 999. மூன்றுமே அசல்தான். ஆக, நாம் கேட்க வேண்டியது "ஒரிஜினலா, ரெப்ளிகாவா?" என்று அல்ல. "லைசென்ஸ் உள்ளதா, இல்லையா? உள்ளது என்றால் எந்த ரகம்?" என்பதுதான் சரியான கேள்வி. 999 ரூபாய்க்கு அசலே கிடைத்த ஒரு ஜெர்சிக்கு, நகல் என்று சொல்லியே 850 கேட்கிறார்கள் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ 1: சின்னம்

சின்னத்தைப் பார்த்ததும் தையலைத் தேட வேண்டாம். முதலில் அந்தச் சட்டை எந்த வருடத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். ஜெர்சியின் நெஞ்சுப் பகுதி ஒரு காலண்டர் மாதிரி. கிட் கம்பெனி, ஸ்பான்சர், நட்சத்திரங்கள் மூன்றும் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும்.

உதாரணமாக, இந்திய அணிக்கு நைக்கி ஜெர்சி 2020 வரை. அதற்குப் பிறகு எம்பிஎல். இடையில் கொஞ்ச காலம் கில்லர். 2023 ஜூன் முதல் அடிடாஸ். ஸ்பான்சராக இருந்த பைஜூஸ் 2023 மார்ச்சோடு போய்விட்டது. எனவே அடிடாஸ் கோடுகளும் பைஜூஸ் பெயரும் ஒரே சட்டையில் இருந்தால் அடுத்த போட்டோவே தேவையில்லை. அப்படி ஒரு ஜெர்சியை இந்திய அணி அணிந்ததே இல்லை.

தம்பி அனுப்பிய போட்டோவில் தோளில் மூவர்ணத்தில் மூன்று கோடுகள் இருந்தன. 2023 உலகக் கோப்பை ஜெர்சிக்கு இது சரியான அடையாளம். ஆனால் நெஞ்சில் ட்ரீம்11 பெயர் பெரிதாக இருந்தது. ஐசிசி தொடர்களில் நெஞ்சின் நடுவில் நாட்டின் பெயர்தான் வரும், ஸ்பான்சருக்கு அங்கே இடமில்லை. அடுத்து, சின்னத்துக்கு மேலே மூன்று நட்சத்திரங்கள். அந்த உலகக் கோப்பை ஜெர்சியில் இருந்தது இரண்டுதான், 1983க்கும் 2011க்கும். 2007ல் வென்றது டி20 கோப்பை என்பதால் ஒருநாள் ஜெர்சியில் அது சேரவில்லை.

இதை வைத்து மட்டும் போலி என்று தீர்ப்பு எழுத முடியாது. "2023 வேர்ல்டு கப் ஜெர்சி" என்று அவர் சொன்னது பொய் என்பது மட்டும் உறுதி. வேறு சீசன் ஜெர்சியைத் தவறாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா? அதற்குத்தான் அடுத்த போட்டோ.

போட்டோ 2: துணி

இங்கே கேட்க வேண்டியது முன்பக்கப் போட்டோ அல்ல. சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, சின்னம் இருக்கும் இடத்தை வெளிச்சத்தில் க்ளோஸ்-அப் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சின்னத்தைத் துணியில் வைக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. எம்ப்ராய்டரி செய்திருந்தால் உள்பக்கம் அடிநூலும் அதைத் தாங்கும் பேப்பரும் தெரியும். சூட்டில் ஒட்டிய சின்னம் என்றால் முன்பக்கம் அதற்குத் தனி விளிம்பு இருக்கும், விரலில் தட்டுப்படும். வீரர்கள் ரகத்தில் எடை குறைய வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஒட்டுவதுதான் வழக்கம்.

மூன்றாவது, சப்ளிமேஷன். நம்மூர் டோர்னமென்ட் டீம்களுக்கு ஜெர்சி அடித்துத் தருகிறார்களே, அதே முறை. டிசைனைப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, வெள்ளை பாலியஸ்டர் துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள் இறங்கிவிடும். துணிமேல் தனிப் படலமே இருக்காது. ஆனால் மை முழுக்க ஊடுருவாது என்பதால் உள்பக்கம் வெளுத்துத் தெரியும்.

தம்பி கேட்டு வாங்கிய போட்டோவில் உள்பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. முன்பக்கம் சின்னம், ஸ்பான்சர் பெயர், அடிடாஸ் லோகோ எல்லாமே துணியோடு துணியாக, விளிம்பே இல்லாமல் இருந்தன. சின்னத்தின் மெல்லிய கதிர்கள் ஒன்றோடு ஒன்று கலந்திருந்தன.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. அசல் ஜெர்சிகளிலும் டிசைன் பகுதிக்குச் சப்ளிமேஷன் உண்டு. மலிவான அதிகாரப்பூர்வ ரகத்தில் சின்னம் அச்சிட்டதாகவே இருக்கலாம். அதனால் "பிரிண்ட் சின்னம் என்றாலே போலி" என்ற யூடியூப் ஃபார்முலா தவறு. சொன்ன ரகத்துக்கும் கண்ணில் தெரியும் வேலைக்கும் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ப்ளேயர் வெர்ஷன் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அடித்திருந்தால், அது ப்ளேயர் வெர்ஷன் இல்லை. இரண்டாவது வார்த்தையும் போச்சு.

போட்டோ 3: டேக்

கழுத்தில் இருக்கும் லோகோவை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். பார்க்க வேண்டியது உள்ளே பக்கவாட்டுத் தையலில் இருக்கும் துவைக்கும் குறிப்பு லேபிள். அங்கே சின்ன எழுத்தில் ஆர்ட்டிகிள் நம்பர் இருக்கும். அடிடாஸில் வழக்கமாக இரண்டு ஆங்கில எழுத்து, அதன்பின் நான்கு எண். அந்த நம்பரைக் கம்பெனி பெயரோடு கூகுளில் போட்டுப் பாருங்கள். அதே ஜெர்சி, அதே நிறம் வர வேண்டும்.

தம்பியின் முதல் போட்டோவில் லேபிள் பாதி வெட்டப்பட்டிருந்தது. "சர்ப்ளஸ்னா அப்படித்தாங்க வெட்டுவாங்க" என்றார் விற்பவர். சர்ப்ளஸ் சரக்கில் லேபிளை வெட்டுவது உண்மைதான். ஆனால் போலியை அடையாளம் காட்டக்கூடிய ஒரே இடத்தையும் அதே கத்தரி வெட்டிவிடுகிறது. வெட்டிய லேபிள் எதற்கும் சாட்சி ஆகாது. அதோடு, இந்திய அணியின் ஜெர்சிக்கு முக்கியச் சந்தையே இந்தியா. அது "எக்ஸ்போர்ட்" சர்ப்ளஸாக மிஞ்சியது என்றால், எந்த நாட்டு ஆர்டரில் என்று கேட்க வேண்டாமா?

வேறு பீஸ் காட்டச் சொன்னதும் முழு லேபிளோடு ஒரு போட்டோ வந்தது. நம்பரைத் தேடினோம். பெண்களுக்கான ட்ராக் பேன்ட் வந்தது. ஏதோ ஒரு அசல் லேபிளைப் பார்த்து ஆயிரக்கணக்கில் அடித்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. நம்பர் பொருந்தாவிட்டால் போலி என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். பொருந்திவிட்டால் அசல் என்று முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் சரியான நம்பரையும் காப்பி அடிக்கலாம். போட்டோவால் போலியைப் பிடிக்க முடியும், அசலுக்கு உத்தரவாதம் தர முடியாது. உத்தரவாதம் வேண்டுமென்றால் பில் வேண்டும். எம்ஆர்பி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் விவரம், புகார் எண் உள்ள அட்டையும் வேண்டும்.

அப்போ மிஞ்சியது?

அந்த மெசேஜில் உண்மையாக இருந்த ஒரே வார்த்தை "காப்பி". அதற்கு முன்னால் இருக்கும் "ஃபர்ஸ்ட்" வெறும் அலங்காரம்.

வாங்கிப் போட்டுக்கொள்பவருக்குப் போவது பணம் மட்டும்தான். வாங்கி விற்பவருக்கு நிலைமை வேறு. போலி வணிக முத்திரை உள்ள பொருளை விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும் 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைகள் சட்டத்தின் 104வது பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உரிய எச்சரிக்கையோடு இருந்தேன், சந்தேகிக்கக் காரணமே இல்லை என்று நிரூபிக்க முடிந்தால் தப்பிக்கலாம். "ஃபர்ஸ்ட் காப்பி" என்று எழுதிய சாட் உங்கள் போனிலேயே இருக்கும்போது அதை எப்படிச் சொல்வீர்கள்?

இதில் இன்னொருவருக்கும் நஷ்டம். அன்னூர், அவிநாசி வழியாகப் பஸ் ஏறினால் திருப்பூர். அங்கே சொந்த டிசைனில், சொந்தப் பெயரில் நல்ல ஜெர்சி தைக்கும் சின்ன யூனிட்கள் இருக்கின்றன. "திருப்பூர் சர்ப்ளஸ்" என்று பொய் சொல்லி விற்கும் ஒவ்வொரு பீஸும் அந்த ஊர் பெயரைத்தான் போலிக்கு டேக்காக மாட்டுகிறது.

தம்பி கடைசியில் பணம் அனுப்பவில்லை. டீமுக்குச் சொந்தமாக ஒரு சின்னம் வரைந்து, அதே சப்ளிமேஷனில் ஜெர்சி அடிக்கக் கொடுத்திருக்கிறார். நெஞ்சில் ஊட்டி மலை ரயில் இன்ஜின், கீழே மேட்டுப்பாளையம். ஸ்டேட்டஸில் விற்கும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்.