ஏழு நாற்காலியும் ஒரு டீயும்

ஆவூரிலிருந்து திருச்சிக்கு பஸ் ஏறி, கால் சென்டர் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவரது குழுவில் ஏழு பேர். இலக்கு, இந்தத் தொழிலில் வெகுகாலமாகப் புழங்குவதுதான்: நூறு அழைப்புகளில் 80-ஐ 20 விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும்.

அரை மணி நேரத்தில் 20 அழைப்புகள். பேச்சும் குறிப்பெழுதுவதுமாக ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம். மொத்தம் 120 நிமிட வேலை. நாலு பேர் போதுமே என்று தோன்றும். போதாது. அழைப்புகள் வரிசையாகவா வருகின்றன? மூன்று சேர்ந்தாற்போல் வரும், பிறகு போன் சும்மா கிடக்கும். டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், ஏழு பேர் இருக்கும்போது சுமார் 89 சதவீதம் கிடைக்கிறது. ஒருவர் எழுந்தால் 75. இருவர் சேர்ந்து எழுந்தால் 48!

டீக்கும் நேரம் குறித்துத் தருவது இதனால்தான். தன் நேரத்தில் அழைப்பு இழுத்துவிட்டால், அடுத்தவர் போகும்போது கூடவே நழுவாமல், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அவர் திரும்பிய பிறகு போகிறார் இவர்.

இன்னொரு வழி, பேசிக்கொண்டே குறிப்பைத் தட்டுவது. எல்லாரும் இப்படி அழைப்புக்கு ஒரு நிமிடம் மிச்சம் பிடித்தால், ஆறு பேரிலேயே 88 வந்துவிடும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை வாடிக்கையாளரை அவசரப்படுத்திப் பிடுங்கினால் கணக்கு கெடும். பிரச்னை தீராதவர் மறுபடி கூப்பிடுவார். 20 அழைப்பு 23 ஆகும்.