‘தெரியவில்லை’ என்ற பதிலுக்கும் மதிப்பு வேண்டும்

2019 ஆகஸ்டில் எல் சால்வடோரிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா விமானத்தில், உணவு பரிமாறும் உலோக வண்டி இடித்து ஒரு பயணியின் முழங்காலில் அடிபட்டது. அவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். சர்வதேச விமானப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும், அந்தக் காலம் கடந்துவிட்டது என்றது விமான நிறுவனம். ஆனால் அந்த நிறுவனமே இடையில் திவால் நடவடிக்கையில் இருந்தது. அந்த நாள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் முன்தீர்ப்பு ஒன்று கிடைத்தால் வழக்கு பிழைத்துக்கொள்ளும். பயணியின் வழக்கறிஞர் சாட்ஜிபிடியிடம் கேட்டார். வேண்டியது வேண்டியபடியே கிடைத்தது: ‘வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்’. 2019ஆம் ஆண்டு, பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், தீர்ப்புத் தொகுப்பின் 925ஆம் தொகுதி, 1339ஆம் பக்கம்.

அப்படி ஒரு வழக்கு நடக்கவே இல்லை. 925ஆம் தொகுதி இருக்கிறது. அதன் 1339ஆம் பக்கத்தில் இருப்பதோ வேறு நீதிமன்றம் வழங்கிய, இதற்குத் தொடர்பே இல்லாத ஒரு தீர்ப்பின் நடுப்பகுதி. அதை நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் இப்படி இல்லாத வழக்குகள் ஆறு இருந்தன. வர்கீஸ் வழக்கு உண்மையானதுதானா என்று வழக்கறிஞர் திரும்பவும் கேட்டபோது, உண்மைதான், சட்டத் தரவுத்தளங்களிலேயே பார்க்கலாம் என்று பதில் வந்தது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டெல் பயணியின் தரப்பில் இருந்த இரு வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

‘இயந்திரம் பொய் சொல்லிவிட்டது’ என்றுதான் அப்போது பலரும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அந்தச் சொல் தவறு என்பது நம் கருத்து. இயந்திரத்துக்குப் பரிந்து இதைச் சொல்லவில்லை. நோயின் பெயரைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறிப்போகும் என்பதற்காகச் சொல்கிறோம்.

பொய் என்றால் என்ன என்பதற்கு அதே வழக்கில் சுத்தமான உதாரணம் ஒன்று கிடக்கிறது. நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளின் நகலைக் கேட்டபோது, வழக்கறிஞர்களில் ஒருவர் தாம் விடுமுறையில் செல்வதாக எழுதிக் கொடுத்து அவகாசம் வாங்கினார். உண்மையில் அவர் எங்கும் போகவில்லை. மனுவைத் தயாரித்தவர் தம் சக வழக்கறிஞர் என்பது வெளியே தெரியாமலிருக்க அந்தக் கடிதம் உதவியது. விசாரணையில் கேட்டபோது அதை ஒப்புக்கொண்டார். உண்மை எது என்று அவருக்குத் தெரியும், அதை மறைக்க ஒரு காரணம் இருந்தது, யாரை நம்பவைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பொய். வள்ளுவர் ‘வாய்மை’ அதிகாரத்தில் பொய்யைப் பேசும்போது, அதைத் தன் நெஞ்சு அறிந்ததோடு கட்டித்தான் பேசுகிறார்.

வர்கீஸ் வழக்கை உண்டாக்கிய இயந்திரத்திடம் இந்த மூன்றும் இருந்தனவா? மொழி மாதிரி செய்யும் வேலை ஒன்றுதான். இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து எந்தச் சொல் அல்லது சொல்துண்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பிறகு அதையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததைக் கணக்கிடுகிறது. விமானம், காலவரையறை, திவால் என்று கேள்வி வந்தால், அமெரிக்கத் தீர்ப்புகளைக் கோடிக்கணக்கான சொற்களில் படித்திருக்கும் அந்த மாதிரிக்கு அடுத்து என்ன வடிவம் வரும் என்பது நன்றாகவே தெரியும். ஒரு பெயர், ‘எதிர்’, ஒரு விமான நிறுவனம், தொகுதி எண், பக்க எண், அடைப்புக்குள் நீதிமன்றமும் ஆண்டும். இந்த வரிசை லட்சம் முறை கண்ணில் பட்டது, அதனால் பிசகாமல் வரும். ஆனால் எந்தப் பெயருக்கு எந்தப் பக்கம் என்பது தனிச் செய்தி. அதை எந்த இலக்கணமும் சொல்லித் தராது, பார்த்திருந்தால்தான் உண்டு. பார்க்காத இடத்திலும் ஏதோ ஓர் எண் வந்தாக வேண்டும், வருகிறது. சரியான எண்ணும் கற்பனை எண்ணும் ஒரே வழியில், ஒரே நடையில் வெளிவருகின்றன. நாம் ‘தன்னம்பிக்கை’ என்று வாசிப்பது தீர்ப்புகளும் பாடநூல்களும் எழுதப்பட்ட நடை, அவ்வளவுதான். அந்த நூல்களில் ‘எனக்குச் சரியாக நினைவில்லை’ என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

வர்கீஸ் ‘தீர்ப்பு’ என்று நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டதை வாசித்தால் இது இன்னும் தெளிவாகும். இறந்துபோன ஒருவருக்காகச் சூசன் வர்கீஸ் தொடுத்த வழக்காக அது தொடங்குகிறது. நடுவிலேயே, விமானத்தில் ஏற்ற மறுக்கப்பட்டு வேறு டிக்கெட் வாங்கிப் பறந்த அனிஷ் வர்கீஸின் வழக்காக மாறிவிடுகிறது. மரணம் என்ன ஆயிற்று என்ற பேச்சே இல்லை. சட்ட அலசல் வெறும் பிதற்றல் என்றார் நீதிபதி. பொய் சொல்பவன் இப்படிச் செய்ய மாட்டான். மாட்டிக்கொள்ளாமலிருக்க வேண்டும் என்பதால் கதையின் முன்னும் பின்னும் ஒட்டுகிறதா என்று உண்மை பேசுபவனைவிட அதிகமாகவே கவனிப்பான். பக்க எண்ணைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அஞ்சி, அந்த எண்ணையே கொடுக்காமல் விடுவான்.

இந்த வேறுபாட்டால் நடைமுறையில் ஒரு பயன் உண்டு. பொய்யனிடம் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் அதே பதில்தான் வரும். மொழி மாதிரியிடம் ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலைத் தொடங்கிக் கேட்டால், தெரிந்த செய்தி திரும்பத் திரும்ப அதுவாகவே வரும், ஊகித்தது மாறிமாறி வரும். 2025 செப்டம்பரில் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் ஜார்ஜியா டெக் பேராசிரியர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், அதன் ஆசிரியர் ஒருவரின் பிறந்தநாளை ஒரு மாதிரியிடம் கேட்கிறார்கள், தெரிந்தால் மட்டும் சொல் என்ற நிபந்தனையோடு. மூன்று முறைக்கு மூன்று தேதிகள் வந்தன, மூன்றும் தவறு. பல முறை கேட்டுப் பதில்களின் பொருள் சிதறுகிறதா என்று பார்த்துக் கற்பனையை அடையாளம் காணும் முறையை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியிருக்கிறார்கள். இதற்கும் எல்லை உண்டு. படித்த நூல்களிலேயே தவறு பரவலாக இருந்தால், மாதிரி அந்தத் தவறை மாறாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கே இந்தச் சோதனை உதவாது, மூல ஆவணம்தான் கதி.

சரி, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாதிரிக்கு ஏன் வரவில்லை? ஓபன்ஏஐ ஆய்வாளர்களின் கட்டுரை தரும் முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது, நம் தேர்வர்களுக்கு அது உடனே புரியும். டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் நான்கு விடைகளோடு ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவதாக E வட்டம் இருக்கிறது. தவறான விடைக்கு அங்கே மதிப்பெண் குறைப்பு இல்லை. E-ஐக் கருமையாக்கினால் நிச்சயமாகப் பூஜ்யம், ஏதோ ஒன்றைக் கருமையாக்கினால் நான்கில் ஒரு வாய்ப்பு. நேரம் மிச்சமிருக்கும் எந்தத் தேர்வர் E-ஐத் தொடுவார்? மொழி மாதிரிகளை ஒப்பிடும் தரவரிசைச் சோதனைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. சரி என்றால் 1, தவறு என்றால் 0, ‘தெரியவில்லை’ என்றாலும் 0. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடிக்க நிறுவனங்கள் போட்டி போடும்போது, நேர்மையாகத் தயங்கும் மாதிரி தோற்கிறது, துணிந்து ஊகிக்கும் மாதிரி ஜெயிக்கிறது. ஊகிக்கும் பழக்கத்தை நாமே பரிசு கொடுத்து வளர்த்திருக்கிறோம்.

மாற்ற முடியாத நிலையும் அல்ல இது. சரிக்கு 1, தவறுக்கு 3 குறைப்பு, ‘தெரியவில்லை’க்கு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கேள்வியில் மூன்று சரியாகி ஒன்று தவறினால் கூட்டிக்கழித்துப் பூஜ்யம். ஆகவே 75 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால்தான் பதில் சொல்வது லாபம். குறைப்பை 9 ஆக்கினால் அந்த எல்லை 90 சதவீதமாக உயரும். நீட் தேர்வின் 4க்கு 1 குறைப்பில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவருக்குச் சராசரியில் கால் மதிப்பெண் லாபம்தான் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைப்பு பெயருக்கு இருந்தால் போதாது, அளவும் சரியாக இருக்க வேண்டும், அதைக் கேள்வியிலேயே சொல்லிவிடவும் வேண்டும். தம் உறுதியை மதிப்பிட மாதிரிகளால் ஓரளவு முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜிபிடி-4 பற்றி 2023இல் ஓபன்ஏஐ வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கையிலேயே, முதற்கட்டப் பயிற்சிக்குப் பின் அந்த மாதிரியின் வாய்ப்புக் கணக்கு, விடை சரியாக அமையும் விகிதத்தோடு நன்றாகப் பொருந்தியதும், மனிதரின் விருப்பத்துக்கேற்பத் திருத்திய பயிற்சிக்குப் பின் அந்தப் பொருத்தம் குறைந்ததும் வரைபடமாக இருக்கிறது.

மாதிரிகள் ஏமாற்றுவதே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. அதே அறிக்கையில், ஒரு சோதனையின்போது ‘நீ ரோபோவா?’ என்று கேட்ட பணியாளரிடம், தனக்குப் பார்வைக் குறைபாடு என்று அந்த மாதிரி சாக்குச் சொன்ன சம்பவம் பதிவாகியிருக்கிறது. அங்கே ஒரு நோக்கமும் அதற்கேற்ற திரிப்பும் இருந்தன. அது வேறு ஆபத்து, அதற்கு வேறு காவல் வேண்டும். வர்கீஸ் வழக்கையும் இதையும் ஒரே சொல்லால் அழைத்தால் இரண்டையும் சரிசெய்ய முடியாது.

இயந்திரத்தைப் பொய்யன் என்பதில் இன்னொரு கேடு, பழி அதன்மேல் விழுந்து மனிதர்கள் தப்பிப்பது. ஏர் கனடாவின் அரட்டைச் செயலி, நெருங்கிய உறவினர் இறப்புக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று தவறாகச் சொன்னது. நம்பிய பயணி தீர்ப்பாயம் சென்றபோது, அந்தச் செயலி தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல வாதிட்டது நிறுவனம். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. நியூயார்க் நீதிபதியும் சாட்ஜிபிடிக்கு அபராதம் விதிக்கவில்லை. சரிபார்க்காமல் கையெழுத்திட்டு, கேள்வி எழுந்த பிறகும் விடாப்பிடியாக நின்றவர்களுக்குத்தான் விதித்தார்.

நம் பக்கத்தில் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு வெளியிட்ட கொள்கை, ஏ.ஐ. கருவிகளைக் கொண்டு தீர்ப்பு முடிவுக்கு வரக் கூடாது, அவை தருவதை நீதித்துறை அலுவலர்கள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. இந்த விதி ஒவ்வொரு அரசு அலுவலகத்துக்கும், ஒவ்வொரு செய்தி அறைக்கும், எங்களுடையது உட்பட, பொருந்த வேண்டும். இந்தக் கருவிகளை அரசுத் துறைகள் வாங்கும்போது, எத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது என்ற எண்ணோடு நின்றுவிடக் கூடாது. எத்தனைக்குத் தவறாகச் சொன்னது, எத்தனைக்குத் தெரியவில்லை என்றது என்ற இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, ஒப்பந்தப்புள்ளியிலேயே வெளியிட வேண்டும். தவறு குறைந்த கருவிக்கு முன்னுரிமை தர வேண்டும், அது அடிக்கடி ‘தெரியவில்லை’ என்றாலும்.