தவணை தவறினால் பாலிசி என்னாகும்?

ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை மாதத் தவணையாகக் கட்டும் வசதி வந்த பிறகு, வருடத்துக்கு 30,000 ரூபாயை மொத்தமாகப் புரட்டும் கஷ்டம் பல குடும்பங்களுக்குக் குறைந்திருக்கிறது. மாதம் 2,500 ரூபாய், ஆட்டோ டெபிட்டில் தானாகப் போய்விடும். ஆனால், ஒரு மாதம் அது போகாவிட்டால்?

உதாரணத்துக்கு, கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள் என்று ஒரு குடும்பம். கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாலிசி எடுத்து மூன்றாவது வருடம் நடக்கிறது. பாலிசி ஆண்டு ஏப்ரல் 5-ல் தொடங்குகிறது, ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி தவணை. அக்டோபரில் கணவர் வேலை மாறுகிறார். சம்பளம் புதிய வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆட்டோ டெபிட் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. நவம்பர் 5 அன்று அந்தக் கணக்கில் இருப்பது 1,800 ரூபாய். பணம் எடுக்க முடியாமல் தவணை திரும்புகிறது. வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ், விளம்பரங்களுக்கு நடுவே படிக்கப்படாமல் கிடக்கிறது.

நவம்பர் 17, மகளுக்கு டெங்கு. மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பாலிசி செல்லுமா?

செல்லும். மாதத் தவணைக்கு 15 நாள், காலாண்டு, அரையாண்டுத் தவணைகளுக்கு 30 நாள் 'கிரேஸ் பீரியட்' தர வேண்டும், தவணைமுறை பாலிசி என்றால் அந்த நாள்களிலும் கவரேஜ் இருக்க வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024-ல் கொண்டுவந்த விதி. இந்தக் குடும்பத்துக்கு நவம்பர் 20 வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் தவணையைக் கட்டிவிட வேண்டும்.

க்ளெய்ம் பணம் வரும்போது ஓர் அதிர்ச்சி காத்திருக்கலாம். க்ளெய்ம் என்று வந்துவிட்டால், அந்த வருடத்தில் மீதமுள்ள எல்லாத் தவணைகளும் உடனே கட்டவேண்டியவை ஆகிவிடும் என்ற நிபந்தனை தவணைமுறை பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். அக்டோபர் வரை ஏழு தவணை கட்டியாகிவிட்டது, நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து பாக்கி. அதாவது 12,500 ரூபாய். அனுமதித்த தொகை 90,000 என்றால், நிறுவனம் பாக்கியைக் கழித்துக்கொண்டு 77,500 ரூபாய்தான் தரும். இது ஏமாற்று வேலை இல்லை, எப்படியும் கட்டவேண்டிய பணம்தான். ஆனாலும், டிஸ்சார்ஜ் நேரத்தில் அந்த 12,500 ரூபாயைக் கையிலிருந்து எடுத்து வைக்கும் நிலை வரலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

இதே மகளை, தவணை கட்டாமலே, 22-ம் தேதி சேர்த்திருந்தால் கதை வேறு. 20-ம் தேதியோடு அவகாசம் முடிந்து பாலிசி ரத்தாகிவிடும். பிரீமியம் கைக்கு வராமல் நிறுவனம் ரிஸ்க்கை ஏற்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவே சொல்கிறது. 'ஆட்டோ டெபிட்டுக்கு அனுமதி கொடுத்திருந்தேனே' என்ற வாதம் எடுபடுவது கடினம். அனுமதி என்பது பணம் எடுக்கத்தானே தவிர, பணம் கட்டியதாக ஆகாது.

டெங்கு செலவைவிடப் பெரிய இழப்பு கணவருக்குத்தான். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள். அவர் 31 மாதங்களைக் கடந்துவிட்டார், இன்னும் ஐந்தே மாதம். பாலிசி ரத்தாகி, புதிதாக ஒன்று எடுத்தால் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் 30 நாளுக்கு, விபத்து தவிர வேறு சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. அவர் வயதையும் சர்க்கரையையும் பார்த்து, புதிய பாலிசி தர மறுக்கவும் நிறுவனத்தால் முடியும்.

வருடத்துக்கு ஒருமுறை கட்டுபவர்கள் இங்கே குழம்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் புதுப்பிக்க 30 நாள் கிரேஸ் பீரியட் உண்டு. அதற்குள் கட்டினால் காத்திருப்புக் கால வரவு அழியாது. ஆனால், பாலிசி முடிந்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையே மருத்துவமனையில் சேர்ந்தால், அந்தச் செலவுக்குப் பொதுவாகக் கவரேஜ் கிடையாது. 'இன்னும் 30 நாள் இருக்கே' என்று அலட்சியமாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தவணை போய்ச் சேர்ந்ததா என்பதற்கு வங்கி பாஸ்புக்கைவிட, இன்ஷூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் ரசீதே சரியான சாட்சி. தவணைத் தேதிக்கு இரண்டு நாள் கழித்தும் ரசீது வரவில்லையென்றால், நிறுவனத்தின் இணையதளத்தில் பாலிசி எண்ணைக் கொடுத்து நேரடியாகக் கட்டிவிடலாம். எஸ்.எம்.எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொட வேண்டாம், அதில் மோசடிகளும் உண்டு. வங்கி மறுபடி முயலும் என்று காத்திருப்பதும் ஆபத்து.

சம்பளக் கணக்கு மாறும்போதும், கார்டு காலாவதியாகிப் புதிய கார்டு வரும்போதும் ஆட்டோ டெபிட்டைப் புதிதாகப் பதிய வேண்டும். கணக்கில் பணம் இருந்தும் தவணை திரும்ப இன்னொரு காரணமும் உண்டு. அனுமதி கொடுக்கும்போது 'அதிகபட்சம் இவ்வளவு' என்று ஒரு வரம்பு இருக்கும். 2,500 ரூபாய் தவணைக்கு 2,500 என்றே வரம்பு வைத்திருந்தால், புதுப்பிக்கும்போது வயது கூடியதால் தவணை 2,900 ஆகும் வருடத்தில், ஏப்ரல் மாதத் தவணையே போகாது.