மவுஸ் ஓடினால் போர்ட் சரி என்பது பொய்

கம்ப்யூட்டரின் முன்பக்க யூஎஸ்பி போர்ட்டில் ஹார்டு டிஸ்க் வேலை செய்யவில்லை, பின்பக்கத்தில் செருகினால் வேலை செய்கிறது. இந்தச் சிக்கலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வாசகர்களின் கோப்புகளை அழிக்கச் சொல்லித் தரும் கட்டுரை. அதன் வாதம் மூன்று படிகளில் நகர்கிறது. முன்பக்க போர்ட்டில் மவுஸ் ஓடுகிறது, ஆகவே போர்ட்டில் பழுதில்லை. போர்ட்டில் பழுதில்லை என்றால் குற்றம் டிரைவர் மென்பொருளிலோ டிஸ்க்கிலோதான் இருக்க வேண்டும். ஆகவே விண்டோஸை மறுபடி நிறுவுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யுங்கள். முதல் படியே தவறு. அதன்மேல் நிற்கும் மற்ற இரண்டும் அதோடு விழுகின்றன.

மவுஸிலிருந்து தொடங்குவோம். ஒரு சாதாரண மவுஸ் இழுக்கும் மின்னோட்டம் 0.1 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கின் உள்ளே தட்டுகளைச் சுழற்றும் மோட்டார் இருக்கிறது. அது நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் டிஸ்க் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வரை கேட்கும். இந்த இரண்டையும் ஒரே சோதனையாகக் கட்டுரையாளர் எண்ணிக்கொண்டது எப்படி?

பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்க போர்ட்டுகள் அப்படியல்ல. மதர்போர்டில் இருக்கும் ஹெடர் பின்களிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் கேபினெட்டின் முகப்பு வரை போகிறது. மலிவான கேபினெட்டுகளில் அந்தக் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் அளவுதான். அந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கேபிள் 60 சென்டிமீட்டர் நீளம் என்றால், மின்சாரம் போகவும் திரும்பவும் சேர்த்துக் கால் ஓம் ஆகிறது. துருவேறிய பின்னிலும், அடிக்கடி செருகிப் பிடுங்கித் தளர்ந்த சாக்கெட்டிலும் இன்னொரு 0.2 ஓம் சேர்வது பழைய கேபினெட்டில் வியப்பல்ல. மொத்தம் 0.45 ஓம் என்று கொள்வோம்.

இப்போது பள்ளியில் படித்த ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். மவுஸ் 0.1 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் தொலைவது 0.045 வோல்ட். ஐந்து வோல்ட்டில் அது தெரியவே தெரியாது. டிஸ்க் 0.9 ஆம்பியர் இழுக்கும்போது தொலைவது 0.4 வோல்ட். போர்ட்டின் வாயில் எஞ்சுவது 4.6. டிஸ்க்கின் சொந்தக் கேபிளில் இன்னும் கொஞ்சம் போகும். 2.5 அங்குல டிஸ்க்குகள் பெரும்பாலும் ஐந்து வோல்ட்டில் ஐந்து சதவீதம் வரைதான் குறைவைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. அதாவது 4.75 வோல்ட். அதற்குக் கீழே போனால் மோட்டார் சுழல முயன்று நின்றுவிடும், மறுபடி முயலும். ‘டிக் டிக்’ என்ற ஓசை பல சமயம் அதுதான். ஒரே போர்ட், ஒரே பழுது. மவுஸ் ஓடும், டிஸ்க் ஓடாது. மவுஸ் ஓடியதை வைத்துப் போர்ட்டுக்கு நற்சான்று தருவது, கால் லிட்டர் தண்ணீர் வந்த குழாயை நம்பி வயலுக்கு நாற்று நடுவது போன்றது.

இரண்டாவது வாதம் இதைவிட மோசம். திரையில் `Unknown USB Device (Device Descriptor Request Failed)` என்று வந்ததாம், ‘அன்னோன்’ என்று விண்டோஸே சொல்வதால் டிரைவர் இல்லை என்று பொருளாம். அடைப்புக்குள் இருக்கும் சொற்களைக் கட்டுரையாளர் படிக்கவே இல்லை. ஒரு சாதனத்தைச் செருகியதும் கம்ப்யூட்டர் முதலில் ‘நீ யார்’ என்று கேட்கிறது. சாதனம் தன் விவரத்தை அனுப்பிய பிறகுதான் எந்த டிரைவரைப் போடுவது என்று விண்டோஸ் தேடும். அந்த முதல் கேள்விக்கே ஒழுங்கான பதில் வரவில்லை என்பதுதான் இந்தச் செய்தி. டிஸ்க்குக்கான டிரைவரைத் தேடும் கட்டமே வரவில்லை, பிறகு அது எப்படிக் குற்றவாளி ஆகும்? மேலும், பெரும்பாலான மதர்போர்டுகளில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே சிப்செட் கன்ட்ரோலரில்தான் இணைகின்றன. அதே டிஸ்க்கை அதே டிரைவர் பின்பக்கத்தில் ஒழுங்காக நடத்துகிறது. முன்பக்கத்துக்கு மட்டும் அது கெட்டுப்போகாது.

டிரைவருக்கு இதில் எப்போதுமே பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0 டிரைவர் உள்ளமைந்து வரவில்லை, தனியாக நிறுவ வேண்டும். சில மதர்போர்டுகளில் முன்பக்க ஹெடருக்குத் தனி கன்ட்ரோலர் சிப் உண்டு. பயாஸில் ஹெடரை அணைத்து வைத்திருக்கவும் கூடும். இவை டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியைப் பார்த்தும், பயாஸைத் திறந்தும் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளக்கூடியவை. இவற்றுக்காக யாரும் விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை.

கட்டுரையாளர் தரும் எடுத்துக்காட்டே அவருக்கு எதிர்ச்சாட்சி. ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரில் விண்டோஸை மறுபடி நிறுவினார், டிஸ்க்கை ஃபார்மேட் செய்தார். பிறகும் முன்பக்கத்தில் அது வேலை செய்யவில்லை, பின்பக்கத்தில் நன்றாக ஓடியது. இதிலிருந்து அவர் எடுத்த முடிவு ‘டிஸ்க் பழசாகிவிட்டது’. பழசான டிஸ்க் பின்பக்கத்தில் மட்டும் எப்படி இளமையாகிறது? அந்த டிஸ்க்கில் இருந்த கல்யாணப் படங்களுக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

அங்கே செய்திருக்க வேண்டியது என்ன? அதேபோல முரண்டுபிடித்த ஒரு கம்ப்யூட்டரில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தனி அடாப்டரில் ஓடும் 3.5 அங்குல வெளி டிஸ்க்கை முதலில் முன்பக்க போர்ட்டில் செருகினோம். அது உடனே தெரிந்தது. அந்த டிஸ்க் போர்ட்டிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் வாங்குவதில்லை. ஆக, தகவல் போகும் கம்பிகள் சரி, குறை மின்சாரத்தில் என்று புரிந்தது. பிறகு சிறிய யூஎஸ்பி மீட்டரை இடையில் வைத்துப் போர்ட்டபிள் டிஸ்க்கைச் செருகினோம். டிஸ்க் சுழலத் தொடங்கியதும் முன்பக்கத்தில் வோல்ட் சரிந்தது, பின்பக்கத்தில் அசையவில்லை. கேபினெட்டைத் திறந்தபோது முகப்புச் சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தது. முன்பக்க கேபிளையும் சாக்கெட்டையும் மாற்றியதும் அதே டிஸ்க் ஓடியது, உள்ளே இருந்த ஒரு கோப்பும் போகவில்லை.

அடாப்டருள்ள டிஸ்க்கும் தெரியவில்லை என்றால் தகவல் கம்பியைப் பார்க்க வேண்டும். நீல நிற 3.0 போர்ட்டில் வேகத்துக்கென்று கூடுதலாக இரண்டு ஜோடிக் கம்பிகள் உண்டு. மவுஸும் பழைய பென் டிரைவும் அவற்றைத் தொடுவதே இல்லை. பழைய பென் டிரைவ் ஓடி, 3.0 டிஸ்க் மட்டும் வந்து வந்து மறைந்தால், மதர்போர்டில் இருக்கும் 19 பின் ஹெடரைப் பாருங்கள். அந்தத் தடித்த பிளக் எளிதில் தளரும், அதைச் செருகும்போது பின்கள் வளையும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, வளைந்த பின்னை நிமிர்த்தி, நேராக அழுத்திச் செருகினாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

பின்பக்கத்தில் ஓடும் டிஸ்க் முன்பக்கத்தில் ஓடாவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அந்த இரண்டுக்கும் இடையில் வேறுபடும் ஒரே பகுதியைத்தான். அது முன்பக்க கேபிளும் அதன் இரு முனைகளும். இதைச் சோதிக்காமல் ஃபார்மேட் செய்யச் சொல்வது அறியாமை, அதை அச்சில் எழுதுவது பொறுப்பின்மை. வாசகர்களே, அந்தக் கட்டுரையை நம்பி எதையும் அழிக்காதீர்கள். டிஸ்க்கைப் பின்பக்கத்தில் செருகி முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். அதன் பிறகு கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறங்கள்.